திக்கலுக்குச் சொல் இல்லாத மொழி

என் தம்பி கல்லூரியில் படித்த காலத்தில் பல்லாவரம் போவதற்குத் தாம்பரம் டிக்கெட் எடுப்பான். கையில் சரியான சில்லறை இருக்கும். கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றதும் "பல்லாவரம்" என்ற சொல்லின் முதல் எழுத்தில் அவன் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் இறுக மூடும், சத்தம் மட்டும் வராது. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் காசு கொடுத்து, "தாம்பரம் ஒண்ணு" என்று வாங்கி, வழியில் பல்லாவரத்தில் இறங்கிக்கொள்வான். ஒரு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு நாள் "தாம்பரம்" என்பதிலும் நாக்கு பல்லோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அதே தம்பி குளியலறைக்குள் "பல்லாவரம்" என்று நூறு தடவை சொல்லுவான், ஒரு தடவைகூடத் தடுக்காது. தெருநாயிடம் பேசும்போது தடுக்காது. பாட்டுப் பாடினால் தடுக்கவே தடுக்காது. உதட்டிலோ நாக்கிலோ குறை இருந்தால் அந்தக் குறை குளியலறையிலும் இருக்க வேண்டும் அல்லவா? வீட்டில் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "பயம்தான், வேறொண்ணுமில்லை" என்று முடித்தும் விட்டார்கள். உலகமும் நெடுங்காலம் அப்படித்தான் முடித்து வைத்திருந்தது.

திக்கல் என்பது மூன்று வடிவங்களில் வரும். ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வருவது ஒன்று: "ப-ப-ப-பல்லாவரம்". ஒரே ஒலி இழுபடுவது இன்னொன்று: "ஸ்ஸ்ஸ்ஸைக்கிள்". வாய் அந்த ஒலிக்குத் தயாராகி நின்றுவிட, காற்றும் குரலும் அடைபட்டுப்போவது மூன்றாவது. என் தம்பிக்கு வந்தது இந்த மூன்றாவது வகை. என்ன சொல்ல வேண்டும் என்பது பேசுகிறவருக்கு நன்றாகத் தெரியும். சொல் மனத்தில் இருக்கிறது, ஆனால் வாயிலிருந்து புறப்படவில்லை. மறந்துபோன பெயரைத் தேடித் தடுமாறுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். கண் சிமிட்டுவது, தலையை வெட்டுவது, தொடையில் தட்டுவது எல்லாம் அந்த அடைப்பை உடைக்கப் போய் ஒட்டிக்கொண்ட பழக்கங்கள். சொல்லை மாற்றுவது, டிக்கெட்டை மாற்றுவது, தொலைபேசியை எடுக்காமல் இருப்பது ஆகியவை வெளியே தெரியாத பகுதி. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் திக்கலைப் பனிப்பாறைக்கு ஒப்பிட்டதற்குக் காரணம் இந்த மறைந்த பகுதிதான்.

இது பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில், குழந்தை சொற்களைக் கோத்து வாக்கியமாகப் பேசத் தொடங்கும் பருவத்தில் ஆரம்பிக்கிறது. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் இரண்டே ஆண்டுகளில் பிறந்த குழந்தைகள் அநேகமாக அனைவரையும் ஹியூகோ மான்சன் என்ற ஆய்வாளர் மூன்று வயதில் சோதித்தார். ஏறத்தாழ 5 சதவீதம் பேரிடம் திக்கல் இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்களில் பத்துக்கு ஏழு பேர் சரியாகிவிட்டிருந்தார்கள். பெரியவர்களில் இது சுமார் 1 சதவீதம்தான். தொடக்கத்தில் ஆண், பெண் எண்ணிக்கையில் வேறுபாடு குறைவு. பெண் குழந்தைகள் அதிகமாக மீண்டுவிடுவதால், பெரியவர்களில் நான்கு ஆணுக்கு ஒரு பெண் என்ற கணக்கு வருகிறது.

இனி அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குப் போக வேண்டும். திக்கலின் காரணம் பற்றிய கேள்வியும், அது எந்தெந்த மொழிகளில் இருக்கிறது என்ற கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது அங்கேதான். அதில் நேர்ந்த தவறின் தழும்பு இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது.

வெண்டல் ஜான்சன் சிறுவயது முதல் கடுமையாகத் திக்கியவர். 1920களில் அயோவா பல்கலைக்கழகத்துக்கு மாணவராகப் போனார். அங்கே சாமுவேல் ஆர்ட்டனும் லீ டிராவிஸும், மூளையின் இரு பாதிகளில் எது பேச்சை நடத்துவது என்ற போட்டியால்தான் திக்கல் வருகிறது என்று நம்பினார்கள். இடக்கைப் பிள்ளையை வலக்கைக்கு மாற்றியதால் திக்கல் வந்தது என்பது அந்த நம்பிக்கையின் கிளை. ஜான்சனே தம் வலது கையைக் கட்டுப்போட்டு முடக்கி, இடது கைக்கு மாறிப் பார்த்தார். திக்கல் போகவில்லை. அதன் பிறகு வேறொரு முடிவுக்கு வந்தார். எல்லாக் குழந்தையும்தான் பேசக் கற்கும்போது தடுமாறுகிறது. அதைக் கேட்டுப் பதறிய பெற்றோர் "இது திக்குவாய்" என்று பெயர் சூட்டுகிறார்கள். பெயர் சூட்டியதும் குழந்தை தன் பேச்சைப் பார்த்துப் பயப்படுகிறது. அந்தப் பயம்தான் திக்கலாகிறது. அதாவது திக்கல் பிறப்பது குழந்தையின் வாயில் இல்லை, பெற்றோரின் காதில்.

இதைச் சோதிக்க 1939இல் ஜான்சனின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற முதுகலை மாணவி, அயோவாவின் டாவன்போர்ட் நகரத்து அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 12 பேர் நன்றாகப் பேசுகிறவர்கள். அந்த 12 பேரில் ஆறு பேரிடம், உனக்குத் திக்கல் தொடங்கிவிட்டது, சரியாகப் பேச முடியாவிட்டால் வாயைத் திறக்காதே என்று சில மாதங்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் அவர்கள். மறுத்துப் பேச யாருமில்லை. பேசத் தயங்கினார்கள், கூசினார்கள், வாய் மூடிக்கொண்டார்கள். பிறகு அந்த ஆய்வேடு அச்சேறாமல் நூலகத்தில் கிடந்தது. 2001இல் ஒரு செய்தித்தாள் அதை வெளியே கொண்டுவந்ததும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு தந்தது. நிக்கோலின் ஆம்ப்ரோஸும் எஹுத் யாய்ரியும் பழைய பதிவுகளை எடுத்து மறுபடி ஆராய்ந்தபோது ஒன்று தெளிவாயிற்று. அந்தக் குழந்தைகளின் மனம் புண்பட்டது, வாய் அடைபட்டது. திக்கல் மட்டும் உண்டாகவில்லை. பெயர் சூட்டுவது காயப்படுத்தும், ஆனால் திக்கலைப் பிறப்பிக்காது என்பதற்கு அந்த ஏட்டிலேயே சான்று இருந்தது.

ஜான்சன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர் தேடியது வேறொரு சான்று. ஐடஹோ மாநிலத்தில் பானக், ஷோஷோனி என்ற பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் ஆசிரியராக இருந்த அவரது பழைய மாணவி ஒருவர், இங்கே திக்குகிற ஒருவரைக்கூடக் காணோம் என்றார். அதன்பின் ஜான் ஸ்னைட்கர் என்ற ஆய்வாளர் நூற்றுக்கணக்கானோரை விசாரித்துவிட்டு அதையே சொன்னார். அவர்கள் மொழியில் திக்கலுக்குச் சொல்லே இல்லையாம். 1944இல் ஜான்சன் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, அமெரிக்கப் பழங்குடிகளான 'இந்தியர்களிடம்' இதற்குச் சொல் இல்லை என்ற செய்தி இருந்தது. சொல் இல்லை, ஆகவே பெயர் சூட்டுவோர் இல்லை, ஆகவே திக்கலும் இல்லை. கேட்பதற்கு எவ்வளவு அழகான வாதம்! நாற்பது ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் அது இடம்பிடித்திருந்தது. குழந்தை திக்கினால் கண்டுகொள்ளாதே, சொன்னால் அதிகமாகும் என்ற அறிவுரை உலகெங்கும் பரவியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

முதல் விரிசல் 1950களில் விழுந்தது. எட்வின் லெமர்ட் என்ற சமூகவியலாளர், வட அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரப் பழங்குடிகளிடம் திக்குகிறவர்களையும் கண்டார், அதற்கான சொற்களையும் கேட்டார். பானக்-ஷோஷோனி மக்கள் பற்றிய கதை 1983இல் முடிவுக்கு வந்தது. அந்த மொழிகளைப் பல ஆண்டுகள் கற்ற ஸ்வென் லில்யெப்லாட் என்ற மொழியறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மக்களிடம் திக்குகிறவர்கள் இருந்தார்கள். அதற்குச் சொல்லும் இருந்தது, அதுவும் ஒன்றல்ல, பல. ஜான்சனின் தலைப்பைத் திருப்பிப்போட்டு, இந்தியர்களிடம் இதற்குப் பல சொற்கள் உண்டு என்றே அவர்கள் தங்கள் கட்டுரைக்குப் பெயர் வைத்தார்கள். மொழி தெரியாத வெளியாள் வந்து, உங்கள் ஊரில் பேச்சுக் குறை உள்ள பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டால், எந்தத் தாய் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டுவாள்? நம் ஊரிலும் காட்டமாட்டாள்.

திக்கலே இல்லாத சமூகம் என்று நம்பும்படி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஒவ்வொரு மொழியும் அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேட்டாலே போதும். நாம் திக்குவாய், கொன்னல், தெற்றுவாய் என்கிறோம். மலையாளிக்கு அது விக்கு, கன்னடருக்கு உக்கு, தெலுங்கருக்கு நத்தி. இந்தியில் ஹக்லானா, துருக்கியில் கெகெமெலிக், அரபியில் தஃதஆ, ஜெர்மனில் ஷ்டொட்டர்ன், ஸ்பானியத்தில் தார்த்தமுதெஸ். ஒருவருக்கொருவர் கேட்டு வைத்துக்கொண்ட பெயர்கள் இல்லை இவை. ஆனாலும் பலவற்றில் க்-க், த்-த் என்று நாக்கு முட்டுகிற சத்தம் அப்படியே கேட்கிறது. பக்கத்து மாநிலத்தில், 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு வாழ்நாள் முழுதும் விக்கிக்கொண்டேதான் மேடைகளில் பேசினார்.

அப்படியானால் காரணம் என்ன? இப்போது உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று.

முதலாவது, பரம்பரை. திக்குகிறவர்களின் குடும்பங்களில் இன்னொருவர் திக்குவது சாதாரணம். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் திக்கினால் மற்றவரும் திக்கும் வாய்ப்பு, தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரைவிட மிக அதிகம். இருந்தும் அது நூற்றுக்கு நூறாக இல்லை. ஆகவே மரபணு மட்டுமே முழுக் கதை இல்லை. அமெரிக்க மரபணு ஆய்வாளர் டெனிஸ் டிரேனாவின் குழு, நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள பாகிஸ்தான் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் திக்கல் வருவதைப் பின்தொடர்ந்தது. 2010இல் GNPTAB உள்ளிட்ட மூன்று மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டறிந்தது. இவற்றின் வேலை வியப்பானது. உயிரணுவுக்குள் கழிவை உடைக்கும் லைசோசோம் என்ற பகுதிக்குத் தேவையான என்சைம்களுக்கு 'இங்கே போ' என்று முகவரி ஒட்டுவது இவைதான். உடம்பின் எல்லா உயிரணுவிலும் நடக்கும் இந்த வேலையில் ஏற்படும் ஒரு சிறு பிசகு ஏன் பேச்சை மட்டும் தொடுகிறது என்பதற்கு இன்னும் விடை இல்லை. அதே மாற்றத்தைச் சுண்டெலிக் குட்டிகளில் செய்து பார்த்தார்கள். தாயைவிட்டுப் பிரித்ததும் அவை எழுப்பும் கீச்சொலியில் இடைவெளிகள் நீண்டன. மற்றபடி அந்தக் குட்டிகள் நன்றாகவே இருந்தன. குட்டிக்குப் பெயர் சூட்ட அங்கே எந்தப் பெற்றோரும் இல்லை. 2025இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, திக்கலோடு தொடர்புள்ள 57 இடங்களை மரபுத்தொகுதியில் குறித்துக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஒற்றைத் 'திக்குவாய் மரபணு' என்று எதுவும் இல்லை.

இரண்டாவது, மூளையின் இணைப்பு. 2002இல் ஜெர்மன் ஆய்வாளர்கள், நீண்டநாள் திக்கும் பெரியவர்களின் மூளையில் இடப்பக்கத்தில், வாய், நாக்கு, தொண்டை அசைவுகளை ஆளும் பகுதிக்குக் கீழே ஓடும் நரம்பிழைகள் சற்றுத் தளர்ந்திருப்பதைக் கண்டார்கள். இது ஆயுள் முழுதும் திக்கியதால் வந்த விளைவாகவும் இருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். சூ-யுன் சாங் என்ற ஆய்வாளர் மூன்று வயதிலிருந்தே குழந்தைகளைப் படமெடுத்துத் தொடர்ந்து பார்த்தார். திக்கல் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே, கேட்பதையும் பேசுவதையும் இணைக்கும் இடப்பக்கப் பாதைகளில் வேறுபாடு தெரிந்தது.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, நேரக் கணக்கு. மூளையின் அடியாழத்தில் பேசல் கேங்லியா என்ற முடிச்சுகள் இருக்கின்றன. பழகிய அசைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக, 'இது முடிந்தது, அடுத்தது தொடங்கு' என்று கைகாட்டி நடத்துவது இவை. 2024இல் கேத்தரின் தேஸும் உடன் ஆய்ந்தவர்களும், பக்கவாதத்துக்குப் பிறகு திடீரென்று திக்கத் தொடங்கியவர்களின் மூளையில் அடிபட்ட இடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இடங்கள் வெவ்வேறாக இருந்தாலும் எல்லாம் ஒரே வலைப்பின்னலில் போய்ச் சேர்ந்தன. அதன் நடுவில் இருந்தது இடப்பக்கத்துப் புட்டாமென், பேசல் கேங்லியாவின் ஒரு பகுதி.

இப்போது குளியலறைக் கேள்விக்குத் திரும்பலாம். சாதாரணப் பேச்சில் ஒவ்வோர் அசையையும் எப்போது தொடங்குவது என்று உள்ளிருந்தே கைகாட்ட வேண்டும். பாட்டில் அந்த வேலையைத் தாளம் எடுத்துக்கொள்கிறது. பலர் சேர்ந்து ஒரே வாசகத்தைப் படிக்கும்போது பக்கத்திலிருப்பவரின் குரல் எடுத்துக்கொள்கிறது. மெட்ரோனோமின் தட்டலுக்கு ஏற்ப அசை அசையாகப் பேசினால் கடுமையாகத் திக்குகிறவருக்கும் உடனே சரளம் வந்துவிடுவதைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். நம் ஊரில், பேச்சுத் தடை உள்ள பிள்ளைகளைச் சீர்காழிக்குப் பக்கத்திலுள்ள திருக்கோலக்காவுக்கு அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. ஞானசம்பந்தருக்குப் பொற்றாளம் கிடைத்த தலம் அது. அம்மனின் பெயர் ஓசை கொடுத்த நாயகி. பேச்சையும் தாளத்தையும் ஒன்றாக வைத்து யாரோ யோசித்திருக்கிறார்கள் என்பதை நினைத்து நான் வியப்பதுண்டு. ஆனால் இந்தச் சரளம் தாளம் நின்றதும் நின்றுவிடும். ஆயுள் முழுதும் மெட்ரோனோமோடு பேச முடியாது, அப்படிப் பேசுவதை யாரும் விரும்புவதும் இல்லை.

பயத்தின் பங்கு பிறகு வருகிறது. தொடக்கத்தில் அது காரணம் இல்லை. கண்டக்டரின் முகம், அவசரம், முன்பு பட்ட அவமானம் எல்லாம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அந்தக் கைகாட்டலை இன்னும் குலைக்கின்றன. குளியலறையில் இவை எதுவும் இல்லை. "பல்லாவரம்" என்பதில் பட்ட அடியால் 'ப' கடினமாயிற்று. "தாம்பரம்" என்பதைத் தினமும் தப்பிக்கும் வழியாக வைத்துக்கொண்டதும் அதுவும் ஒரு நாள் பயமாகிவிட்டது. பேச வேண்டிய ஊர்ப்பெயர் எதுவானாலும் அதன் முதல் எழுத்தில்தான் தடை வந்தது.

அந்த 'முதல் எழுத்து' வழியாகத்தான் மொழி இதற்குள் நுழைகிறது. திக்கல் வருமா வராதா என்பதில் மொழிக்குச் சம்பந்தமில்லை. எந்த இடத்தில் வரும் என்பதில் நிறையச் சம்பந்தம் உண்டு. 1930களிலும் 40களிலும் அதே அயோவாவில் ஸ்பென்சர் பிரௌன், ஆங்கிலம் பேசுகிறவர்கள் எந்தச் சொற்களில் அதிகம் தடுக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும் சொல், நீளமான சொல், மெய்யொலியில் தொடங்கும் சொல், பெயர், வினை போலப் பொருள் சுமக்கும் சொல் ஆகிய நான்கும்தான் அவை. இந்த நான்கும் கூடும் இடம் எது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒருவர் தம் பெயரைச் சொல்லும் இடம். அதற்குப் பதிலாக வேறு சொல்லும் போட முடியாது.

குழந்தைகளிடம் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. ஆங்கிலம் பேசும் சின்னக் குழந்தைகள் பொருள் சுமக்கும் சொல்லில் தடுப்பதைவிட அதற்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். "டு, டு, டு த ஹவுஸ்" என்பது மாதிரி. லண்டனில் பீட்டர் ஹவெலும் அவரது குழுவும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வரப்போகும் பெரிய சொல் இன்னும் தயாராகவில்லை, அதற்கு நேரம் வாங்கக் குழந்தை சின்னச் சொல்லைச் சுழற்றுகிறது. வயது ஏற ஏற, தயாராகாத பெரிய சொல்லையே முட்டித் தள்ளப் பார்க்கிறார்கள், அது உடைகிறது. ஸ்பானியத்திலும் ஜெர்மனிலும் இதே நகர்வை அவர்கள் கண்டார்கள்.

தமிழை இதோடு வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் வீட்டுக்கு முன்னால் இரண்டு குட்டிச் சொற்கள் நிற்கின்றன. தமிழில் "வீட்டுக்கு". அந்த 'க்கு' பின்னால் ஒட்டிக்கொண்டது. வேற்றுமை, காலம், எண் எல்லாம் நமக்குச் சொல்லின் வாலில்தான் வருகின்றன. திக்கலோ சொல்லின் தலையில் வருகிறது. சுழற்றி நேரம் வாங்க முன்னால் எதுவும் இல்லாமல், "போயிட்டிருந்தப்போ" என்ற நீளம் முழுவதின் பாரமும் முதல் 'போ'வின் மேல் விழுகிறது. இது நம் மொழியின் அமைப்பை வைத்து நான் செய்யும் ஊகம். ஆனால் திக்குகிற தமிழர்கள் பேசுவதைக் கவனித்தால், இல்லாத குட்டிச் சொல்லை அவர்களே உண்டாக்கிக்கொள்வது தெரியும். "வந்து", "அது வந்து", "என்னான்னா". எல்லோரும் பேசும் இந்த 'வந்து' அவர்களுக்கு ஓடிவந்து தாண்டும் தூரம். என் தம்பி "வந்து பல்லாவரம்" என்றால் சில நாள் தாண்டிவிடுவான். கண்டக்டரிடம் யாரும் "வந்து" போட்டுப் பேசுவதில்லை என்பதுதான் சிக்கல்.

எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது என்பதும் மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலம் பேசுகிறவர் பெரும்பாலும் முதல் மெய்யை மட்டும் பிரித்து உடைக்கிறார். ஜப்பானியர் அப்படி உடைப்பது குறைவு. மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரு மாத்திரை அலகை முழுதாகத் திரும்பச் சொல்கிறார். அவர்களுடைய பேச்சின் தாளமே அந்த அலகில்தான் நடக்கிறது, உடைப்பும் அந்த அலகின் விளிம்பில் விழுகிறது. கன்னடமும் ஆங்கிலமும் பேசும் இருமொழியினரை 1980களில் ஆராய்ந்த எம். ஜெயராம், ஒரே ஆள் இரு மொழியிலும் ஒத்த வகை ஒலிகளிலேயே தடுமாறுவதைக் கண்டார். மொழி மாறினாலும் பேசும் உடம்பு ஒன்றுதான். சைகை மொழியில்கூடக் கை அசைவு திரும்பத் திரும்ப வருவதும், தொடங்காமல் இறுகி நிற்பதும் பதிவாகியிருக்கின்றன. அங்கே நாக்குக்கு வேலையே இல்லை.

இரு மொழி என்றதும் நம் வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்பதால்தான் பிள்ளை திக்குகிறதா? இந்தப் பயத்தின் வேரும் அயோவாக்காரர்கள் வரை போகிறது. 1937இல் டிராவிஸ், ஜான்சன், ஷோவர் மூவரும் ஈஸ்ட் சிகாகோ என்ற நகரில் 4,827 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஒரு மொழி பேசுகிறவர்களில் 1.8 சதவீதமும் இரு மொழி பேசுகிறவர்களில் 2.8 சதவீதமும் திக்குவதாக எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் குடியேறிய ஏழைத் தொழிலாளிகளின் வீட்டுப் பிள்ளைகள், சோதனை நடத்தியவர்கள் ஆங்கிலக் காது உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015இல் கோர்ட்னி பேர்டும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டது இதைத் தெளிவாக்குகிறது. ஸ்பானியமும் ஆங்கிலமும் பேசும், திக்கலே இல்லாத பிள்ளைகள் சாதாரணமாகவே சொற்களையும் அசைகளையும் அதிகம் திரும்பச் சொல்கிறார்கள். நூற்றுக்கு மூன்று தடுமாற்றம் இருந்தால் திக்கல் என்ற ஆங்கில அளவுகோலை வைத்தால், நன்றாகப் பேசும் அந்தப் பிள்ளைகளும் அதில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாம் மொழி திக்கலை உண்டாக்குகிறது என்று சொல்லத் தகுந்த சான்று இல்லை. தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரை உங்களுக்குக் கிடைத்தால் அதைக் கேட்க வேண்டாம்.

எண்ணிக்கையைவிட வகையைப் பார்ப்பதே நல்லது. "அம்மா நான் வந்து, நான் வந்து, நேத்து இல்ல, இன்னிக்கு" என்று முழுச் சொல்லாகத் திரும்புவதும், திருத்திக்கொள்வதும் பேச்சுப் பழகும் எந்தக் குழந்தையும் செய்வது. ஒரே சொல்லுக்குள் "அ-அ-அ-அம்மா" என்று உடைவது, ஒலி இழுபடுவது, வாய் திறந்தபடி சத்தம் வராமல் நிற்பது, முகம் இறுகுவது, "என்னால சொல்ல முடியல" என்று குழந்தையே சொல்வது ஆகியவை வேறு வகை. இவை ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், வீட்டில் திக்குகிற பெரியவர் இருந்தால், பிள்ளை ஆணாக இருந்தால், தானாகப் போய்விடும் என்று காத்திருக்கக் கூடாது.

காத்திருக்கச் சொன்ன அறிவுரைக்குத்தான் ஜான்சனின் கொள்கை அடிப்படையாக இருந்தது. அது பொய்யென்று காட்டிய சிகிச்சை சிட்னியில் பிறந்தது. அதன் பெயர் லிட்கோம் முறை. தினமும் கொஞ்ச நேரம் தாயோ தகப்பனோ குழந்தையோடு விளையாடிப் பேசுவார்கள். சரளமாக வந்த பேச்சைப் பெரும்பாலும் பாராட்டுவார்கள். எப்போதாவது, "அது கொஞ்சம் ஒட்டிக்கிச்சு இல்ல? இன்னொரு தடவை சொல்லிப் பாக்கறியா?" என்று மெதுவாகச் சொல்வார்கள். அதாவது திக்கலைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஜான்சன் சரியென்றால் பிள்ளை இன்னும் மோசமாக வேண்டும். 2005இல் நியூசிலாந்தில் 54 குழந்தைகளை வைத்து நடத்திய சோதனையில், ஒன்பது மாதத்தில் இந்த முறைப்படி பழகியவர்களின் திக்கல் 77 சதவீதம் குறைந்தது, மற்றவர்களுக்கு 43 சதவீதம். அந்த 43 தானாகக் குறைந்த பங்கையும் காட்டுகிறது. பெரியவர்களுக்கு இவ்வளவு எளிதில்லை. பேச்சைத் தொடங்கும் விதத்தை மாற்றலாம், அடைப்பில் இறுகாமல் தளர்ந்து கடக்கப் பழகலாம், ஒளிவதைக் குறைக்கலாம். முழுக்கப் போக்குகிறேன் என்று விளம்பரம் செய்கிறவரை நம்ப வேண்டாம். திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இதுவரை இல்லை.

என் தம்பியைச் சிறுவயதில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனோம். வளர்ந்தால் போய்விடும், நீங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசாதீர்கள் என்றார். நாங்கள் பேசவில்லை. பதினைந்து வருடம் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல் இல்லாத வீட்டிலும் திக்கல் இருந்தது. இப்போது அவனுக்கு நாற்பது வயது. பல்லாவரத்துக்குப் பல்லாவரம் டிக்கெட்தான் எடுக்கிறான். சில நாள் முதல் எழுத்தில் நிற்கும், நின்று வரும்.

உங்கள் பிள்ளைக்கு மூன்று வயதிருந்து, மேலே சொன்ன இறுக்கம் தெரிந்தால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனத்துக்கும் எழுதலாம். போவதற்கு முன் வீட்டில் பிள்ளை விளையாடிக்கொண்டே பேசுவதைப் பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவுசெய்து கொண்டுபோங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் ஒரு தடவைகூடத் தடுக்காமல் பேசிவிடுவார்கள்.